கை சுத்தமான செட்டர், வாய் திறந்தால் சண்டை: எப்படித் திருத்துவது?

பட்டறைக்காரன் | ஏப்ரல் 9, இரவு 10:40

கோவை கணபதிப் பக்கம் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். மூன்று ஷிப்டும் ஓடும் சிஎன்சி லேத் கடை. எங்களிடம் ஒரு செட்டர் இருக்கிறார், ஐடிஐ டர்னர், என்னைவிட மூத்தவர். மற்றவர்கள் ஒரு ஷிப்ட் முழுக்க இழுக்கும் செட்டிங்கை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்து முதல் பீஸை கியூசிக்கு அனுப்பிவிடுவார். கஸ்டமர் ஆடிட்டுக்கு வந்த ஆளே அவருடைய சாஃப்ட் ஜா வேலையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

பேச்சுதான் பிரச்சினை. ஒன்று, சொல்லவே மாட்டார். இல்லை, சொன்னால் குத்துவார்.

போன வாரம் நடந்தது இது. அலுமினியம் ஹவுசிங், அதன் துளை 40 எச்7 போர். அதாவது 40.000-லிருந்து 40.025 வரை இருக்கலாம். மதியம் 2 மணிக்கு இவர் ஷிப்ட் முடித்துப் போகும்போது போர் கேஜ் 40.020 காட்டுகிறது. அடுத்து வந்த பையன் பார்த்தான், மேல் எல்லையை ஒட்டி ஓடுகிறதே என்று டூல் தேய்மானத்துக்கு அளவைத் திருத்தும் வேர் ஆஃப்செட்டில் 8 மைக்ரான் குறைத்து நடுவுக்குக் கொண்டுவந்தான். இன்சர்ட் தேயத் தேய போர் சிறுத்துக்கொண்டே போய் ராத்திரி 40.004 வரை இறங்கியது. எல்லைக்குள்தானே இருக்கிறது என்று ஓட்டினான், கீழ் எல்லையைச் சோதிக்கும் கோ பிளக்கும் தாராளமாக உள்ளே போனது. காலையில் ஏசி போட்ட கியூசி ரூமில் வைத்து அளந்தால் கடைசியில் ஓடிய பீஸ் எல்லாம் 39.997, 39.998.

செட்டரைக் கேட்டால், "8 மைக்ரான் வேணும்னுதான் கூட வெச்சேன். அதை எடுக்கச் சொன்னது யாரு?" என்றார். ஏன் வைத்தோம் என்று யாரிடமும் சொல்லவில்லை, எழுதவும் இல்லை. எல்லோர் முன்னாலும் அந்தப் பையனைப் பார்த்து "டிப்ளமோ முடிச்சிருக்கான், அளக்கத் தெரியல" என்றார். பையன் லீவு போட்டுவிட்டான்.

முதலாளி, "அவர்கிட்ட நீ பேசு, மாத்து" என்கிறார். வேலையை விட்டு அனுப்புவது பேச்சுக்கே இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது? பட்டவர்கள் சொல்லுங்கள்.

நிலாச்சோறு | ஏப்ரல் 9, இரவு 11:05

கம்யூனிகேஷன் என்றால் காந்திபுரத்தில் நிறைய ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் இருக்கிறது, மூன்று மாதம் அனுப்புங்கள். என் தம்பிக்கும் இப்படித்தான் இருந்தது, இப்போது இன்டர்வியூவில் பயமில்லாமல் பேசுகிறான்.

பட்டறைக்காரன் | ஏப்ரல் 9, இரவு 11:12

அவருக்கு இங்கிலீஷ் பிரச்சினை இல்லைங்க. தமிழில்தான் திட்டுகிறார்.

வெர்னியர் | ஏப்ரல் 10, காலை 7:20

இதில் பேச்சுப் பிரச்சினையே இல்லை, சூட்டுப் பிரச்சினை. அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் நீளும். உங்கள் கடை இந்த மாதம் 35 டிகிரி, கியூசி ரூம் 20. 40 மி.மீ. போர் அங்கே போனால் 14 மைக்ரான் சுருங்கும். உங்கள் செட்டர் அதைத் தெரிந்துதான் மேலே வைத்திருக்கிறார். ஒரு டெம்பரேச்சர் சார்ட் போட்டு மெஷின் பக்கத்தில் ஒட்டுங்கள், ஆஃப்செட்டைச் சாவி போட்டுப் பூட்டுங்கள், முடிந்தது. ஆளைத் திருத்த வேண்டாம், முறையைத் திருத்துங்கள்.

மைக்ரான் மாமா | ஏப்ரல் 10, காலை 9:50

வெர்னியர் தம்பி, பாதி சரி. 14 மைக்ரான் பீஸ் மட்டும் சுருங்குவது. கேஜை எதை வைத்து ஜீரோ செய்தார்கள்? ஸ்டீல் ரிங்கை வைத்து. அந்த ரிங்கும் அதே 35 டிகிரியில்தானே கிடக்கிறது? ஸ்டீல் 11.5 அளவுக்கு நீளும், அலுமினியத்தில் பாதி. அதனால் கேஜில் தெரியும் பிழை 14 இல்லை, ஏறக்குறைய 7. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கேஜில் 40.020 என்றால் கியூசியில் 40.013, நட்ட நடு. அதாவது செட்டர் வைத்த இடம் அச்சு அசல். ராத்திரி கேஜில் 40.004 என்றால் கியூசியில் 39.997. உங்களுக்கு வந்ததும் அதேதான். கோ பிளக் உள்ளே போனதற்கும் காரணம் அதுதான், பிளக்கும் சூடு, பீஸும் சூடு.

ஆனால் பாருங்கள், இந்தக் கணக்கு அவர் தலைக்குள் இருந்தது. பையன் கையில் கேஜ் மட்டும்தான் இருந்தது. கேஜ் 40.020 காட்டும்போது நடுவுக்கு இழுத்தது, அவனுக்குத் தெரிந்த அளவில் சரியான வேலை. பேச்சுப் பிரச்சினை இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

சாவி யோசனையும் எனக்குச் சரிப்படவில்லை. பூட்டினால் ஒவ்வொரு இன்சர்ட் மாற்றத்துக்கும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். ஏற்கெனவே எரிந்து விழுகிறவரை இன்னும் பத்து தடவை கூப்பிட்டால் என்ன ஆகும்?

பட்டறைக்காரரே, பேச உட்காரும் முன் ஒன்று செய்யுங்கள். அவர் எந்த நேரத்தில், என்ன வேலையில் இருக்கும்போது, யாரிடம் சீறுகிறார் என்று ஒரு வாரம் உங்கள் டைரியில் மட்டும் குறித்து வையுங்கள். "நீங்க சரியாப் பேசறதில்ல" என்று போனால் "நான் அப்படித்தான்" என்பார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். நான் டூல் ரூமில் இருந்து ரிட்டயர் ஆனவன், இப்படிப்பட்டவர்களோடுதான் காலம் தள்ளினேன்.

வெர்னியர் | ஏப்ரல் 10, காலை 10:15

ரிங் கணக்கு சரி மாமா, விட்டுவிட்டேன். சாவி விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் இடத்தில் ஒரு பையன் +INPUT அழுத்த வேண்டிய இடத்தில் INPUT அழுத்திவிட்டான். வேர் 0.050 இருந்தது, 0.008 கூட்டப் போனவன் அதையே 0.008 ஆக்கிவிட்டான். டயாவில் 42 மைக்ரான் ஒரே அடியாக இறங்கியது. அதற்கு என்ன பேச்சு பேசித் திருத்துவீர்கள்?

மைக்ரான் மாமா | ஏப்ரல் 10, காலை 10:31

அது வேறு வியாதி. அதற்கு வேறு இழை போடுங்கள், அங்கே வந்து சண்டை போடுகிறேன்.

இரண்டாம் ஷிப்ட் | ஏப்ரல் 10, மதியம் 1:30

நான் ஆபரேட்டர். வேறு ஊர், வேறு கடை, ஆனால் அதே செட்டர் மாதிரிதான் எங்களுக்கும் ஒருவர். ஷிப்ட் ஏற வந்தால் "எல்லாம் ஓடுது" என்பார், பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். முதல் தடவை போன் போட்டுக் கேட்டேன். "ஏன்டா, இதுகூடத் தெரியாமத்தான் மெஷின் முன்னாடி நிக்கிறியா?" என்றார். இரண்டாம் தடவை கேட்கவில்லை. நாங்களே ஒரு குத்துமதிப்பில் மாற்றிப் பார்ப்போம், பெரும்பாலும் சரியாகிவிடும், எப்போதாவது மாட்டும். மாட்டும்போதுதான் உங்களுக்கெல்லாம் தெரியவருகிறது.

உங்கள் பையன் போன் போடாததற்கு என்ன காரணம் என்று அவனைக் கேட்டீர்களா?

பட்டறைக்காரன் | ஏப்ரல் 12, இரவு 9:15

கேட்டேன். 40.020 பார்த்ததும் போனை எடுத்தானாம். நேரம் நாலரை, அண்ணன் தூங்குவார், திட்டுவார் என்று வைத்துவிட்டானாம். "எட்டு மைக்ரான்தானே சார்" என்றான்.

மாமா சொன்ன டைரியை ஆரம்பித்திருக்கிறேன்.

குறியீட்டுக்காரி | ஏப்ரல் 13, இரவு 12:20

எனக்கு லேத் தெரியாது, சென்னையில் சாப்ட்வேர் டீம் ஒன்று பார்க்கிறேன். எங்களிடமும் இதே கதை. டேட்டாபேஸில் அவரைவிடத் தெரிந்தவர் கிடையாது, ஆனால் ஜூனியர்கள் அனுப்பும் கோடுக்கு ரிவ்யூவில் "தப்பு" என்று ஒற்றைச் சொல் எழுதித் திருப்பிவிடுவார். எங்கே தப்பு, ஏன் தப்பு, ஒன்றும் இருக்காது. அவரிடம் "மென்மையாகப் பேசுங்கள்" என்று சொன்னபோது சிரிக்கும் முகம் ஒன்றைச் சேர்த்து "தப்பு" என்று போட ஆரம்பித்தார், அது முன்பைவிட மோசமாக இருந்தது.

அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டேன். தப்பு என்று எழுதினால் அடுத்த வரியில் எந்த டேட்டா வந்தால் இது உடையும் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். அதை உடனே பிடித்துக்கொண்டார், ஏனென்றால் அது அவருக்குப் பிடித்த வேலை. குரல் இன்னும் கரடுமுரடுதான். ஆனால் ஜூனியர்கள் அவர் ரிவ்யூவைத் தேடிப்போய் வாங்குகிறார்கள். என் அனுபவத்தில் மரியாதையைச் சொல்லிக்கொடுப்பதைவிடத் தகவலைக் கேட்டு வாங்குவது சுலபம்.

இரண்டாம் ஷிப்ட் | ஏப்ரல் 13, மதியம் 1:45

மன்னிக்கவும் அக்கா, உங்களுக்கு ரிவ்யூ ஸ்கிரீனில் வருகிறது. எங்களுக்குப் பத்து பேர் முன்னால் முகத்தில் வருகிறது. தகவல் கிடைத்தால் திட்டு வலிக்காது என்று சொல்ல வராதீர்கள்.

பட்டறைக்காரன் | ஏப்ரல் 19, இரவு 10:05

டைரி சொல்வதை எழுதுகிறேன், எனக்கே எதிர்பார்க்காத விஷயம். அவர் சீறியதில் பெரும்பாலானவை செட்டிங் நடுவில். டூல் டச் செய்துகொண்டிருக்கிறார், கண் ஸ்கிரீனில், கை ஹேண்ட்வீலில். அப்போது பக்கத்து மெஷின் பையன் வந்து "ண்ணா, சிப் சுத்துது" என்கிறான். ஸ்டோர் ஆள் வந்து இன்சர்ட் கிரேடு கேட்கிறார். நானும் ஒரு தடவை போய் நின்றிருக்கிறேன். முதல் பீஸ் கியூசியில் பாஸ் ஆன பிறகு பார்த்தால் அதே மனுஷன் டீ குடித்துக்கொண்டே ஒரு பையனுக்கு ஃபீடு ஏன் குறைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்கிறார். ஆள் ஒருவர்தான், நேரம்தான் வேறு.

ஆனால் எல்லாம் அப்படி இல்லை. ஷிப்ட் மாறும்போது வரும் குத்தல் பேச்சுக்குக் குறுக்கீடு காரணம் இல்லை, அப்போது அவர் சும்மாதான் நிற்கிறார். டிப்ளமோ பையன்களிடம் மட்டும்தான் அது வருகிறது. ஐடிஐ பையன்களிடம் வருவதில்லை.

மைக்ரான் மாமா | ஏப்ரல் 19, இரவு 10:48

நல்லது. இப்போது உங்களிடம் ஒன்றில்லை, மூன்று பிரச்சினை இருக்கிறது. வேலை நடுவில் குறுக்கிடுவது, இதில் தப்பு கடையுடையது. ஆஃப்செட் மாற்றத்தைச் சொல்லாமல் போவது, இது பழக்கம். டிப்ளமோக்காரன் மேல் உள்ள காட்டம், இது மனசு. மூன்றையும் ஒரே உட்காரலில் எடுக்காதீர்கள். முதலாவதை நீங்களே சரி செய்துவிட்டு அவர் முன்னால் போய் உட்காருங்கள். கை வீசிக்கொண்டு போகாமல் ஏதாவது கொடுத்துவிட்டுக் கேட்பது நல்லது.

உட்கார்ந்ததும் அவரைத்தான் முதலில் பேசவிட வேண்டும். "அந்த 8 மைக்ரான் எதுக்கு வெச்சீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு, "இது அந்தப் பையனுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதிலை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்த அமைதி கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடம் முக்கியம். முதலாளி ரூம் வேண்டாம், மெஷின் பக்கத்திலும் வேண்டாம்.

வான்வழி | ஏப்ரல் 20, காலை 8:30

நான் விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். இரண்டாம் ஷிப்ட் சொன்னதைப் படித்ததும் 1977 மார்ச் 27 டெனரீஃப் விபத்துதான் ஞாபகம் வந்தது. பனிமூட்டத்தில் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ மோதி 583 பேர் போனார்கள். ஒரு விமானத்தின் கேப்டன் அந்தக் கம்பெனிக்கே பயிற்சி கொடுக்கும் மூத்தவர், திறமையில் யாரும் குறை சொல்ல முடியாது. வேகம் எடுக்கும்போது ஃப்ளைட் இன்ஜினியர், அந்த இன்னொரு விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா என்று கேட்டார். கேப்டன் அழுத்தமாக விலகிவிட்டது என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகு மறுபடியும் யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் துறையில் கேப்டன்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. கீழே இருப்பவர் இரண்டாம் தடவை எப்படிக் கேட்பது என்று அவர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். உங்கள் கோச்சிங் செட்டருக்கு மட்டும் என்றால் பாதிதான்.

வெர்னியர் | ஏப்ரல் 20, காலை 8:52

போரிங் பாரிலிருந்து போயிங்குக்குப் போய்விட்டோம். நாளைக்கு ராக்கெட்.

வான்வழி | ஏப்ரல் 20, காலை 9:10

சிரியுங்கள். அந்தப் பையன் நாலரைக்கு எடுத்த போனை ஏன் வைத்தான் என்பதைத்தான் சொல்கிறேன்.

பட்டறைக்காரன் | ஏப்ரல் 27, இரவு 11:30

உட்கார்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு வெளியே பேக்கரியில். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னாடியே ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். செட்டிங் நடக்கும் மெஷினில் சிவப்புப் பலகை தொங்கினால் யாரும் அவர் பக்கம் போகக்கூடாது, நான் உட்பட. மெஷின் இடித்தால், கையில் அடிபட்டால் மட்டும் விதிவிலக்கு. மற்றக் கேள்வியைப் பலகையில் சாக்பீஸில் எழுதிவிட்டுப் போக வேண்டும், முதல் பீஸ் பாஸ் ஆனதும் அவர் வந்து பதில் சொல்வார். இதைச் சொன்னதுமே முகம் இளகியது. "இத எத்தன வருஷமாச் சொல்லிட்டிருக்கேன்" என்றார். எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை.

8 மைக்ரான் கேள்வியைக் கேட்டேன். அரை மணி நேரம் பேசினார். மாமா சொன்ன ரிங் கணக்கு அப்படியே அவர் வாயில் வந்தது, அதோடு இன்சர்ட் தேய்மானத்துக்கும் சேர்த்து இடம் விட்டிருக்கிறார். ஷிப்ட் முழுக்க யாரும் தொடாமல் ஓடினாலும் போர் கீழ் எல்லைக்கு மேலேதான் நிற்கும். அழகான வேலை. அப்புறம் "இது அவனுக்கு எப்படிண்ணா தெரிஞ்சிருக்கும்?" என்றேன். அமைதி. பஃப்ஸை முழுவதும் சாப்பிட்டு முடித்தார். "நான் வெச்சத அவன் தொட்டிருக்கக்கூடாது" என்றார். மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டேன். "எழுதியிருக்கணும்" என்றார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

ஏன் எழுதவில்லை என்று கேட்டதில் வந்ததுதான் நான் யோசிக்காத விஷயம். ஷிப்ட் ரிப்போர்ட் ஃபாரம் கஸ்டமர் கொடுத்த ஃபார்மட், முழுக்க இங்கிலீஷ். "ரீசன் ஃபார் கரெக்‌ஷன்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. இவர் தமிழ் மீடியம். தப்பும் தவறுமாக எழுதினால் டிப்ளமோ பையன்கள் சிரிப்பார்கள் என்று அந்தக் கட்டத்தை இத்தனை வருஷமும் காலியாகவே விட்டிருக்கிறார். ஒரு தடவை எழுதி, ஒருவன் சிரித்தும் இருக்கிறான்.

நிலாச்சோறு | ஏப்ரல் 28, காலை 6:40

நான் முதலிலேயே இங்கிலீஷ் என்று சொன்னேனா இல்லையா!

பட்டறைக்காரன் | ஏப்ரல் 28, காலை 7:02

சொன்னீர்கள். ஆனால் கிளாஸ் இல்லை தீர்வு, ஃபாரத்தைத் தமிழில் மாற்றுவதுதான். கஸ்டமருக்குப் போகும் ரிப்போர்ட்டை நான் எழுதிக்கொள்கிறேன். மெஷினில் ஒரு வெள்ளைப் பலகை, தமிழில்.

அவர் ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: ஆஃப்செட்டில் கை வைத்தால் என்ன மாற்றினேன், எதற்கு, அடுத்தவன் எப்போது தொடலாம் என்று எழுதிவிட்டுத்தான் பையை எடுப்பார். முதல் நாள் எழுதியது இது: "T05 எக்ஸ் 8 கூட. சூட்டுக்கு. கேஜ்ல 40.010க்குக் கீழ போனா மட்டும் 5 கூட்டு. குறைக்காதே." கியூசியில் இருப்பவர் அதை வாசித்துவிட்டு, இதை ஃபிரேம் போட்டு மாட்டலாம் என்றார்.

முப்பது வருச செட்டர் | ஏப்ரல் 29, இரவு 8:20

எல்லாரும் அவரைப் பற்றிப் பேசுகிறீர்கள், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். நான் அம்பத்தூரில் செட்டர். எழுதிக் கொடுக்காததற்கு இங்கிலீஷ் ஒரு காரணம், வெட்கம் ஒரு காரணம். மூன்றாவதை அவர் உங்களிடம் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன். எங்கள் பழைய கடையில் ஒரு செட்டரை உட்காரவைத்து எல்லா மெஷினுக்கும் செட்டிங் ஷீட் எழுதி வாங்கினார்கள். எழுதி முடித்த கொஞ்ச நாளில் சம்பளம் அதிகம் என்று அனுப்பிவிட்டு, அந்த ஷீட்டை வைத்துப் பாதிச் சம்பளத்துக்கு ஒரு பையனைப் போட்டார்கள். அதைக் கண்ணால் பார்த்தவன் எவனும் "எதற்கு வைத்தேன்" என்பதை எழுத மாட்டான். அதுதான் எங்களுக்குச் சோறு. நீங்கள் கோச்சிங் என்கிறீர்கள், எங்களுக்கு அது பிடுங்குவது மாதிரித்தான் தெரியும்.

அவருக்கு முதலாளி எழுத்தில் என்ன கொடுக்கிறார்?

மைக்ரான் மாமா | ஏப்ரல் 29, இரவு 9:40

இது நியாயமான கேள்வி. நான் பார்த்த இடங்களில் வாயால் கொடுத்த வாக்கு எதுவும் நிற்கவில்லை. பயிற்சிக்கென்று தனியாக ஒரு அலவன்ஸ், அது சம்பள ஸ்லிப்பில் ஒரு வரியாக வர வேண்டும். இல்லாவிட்டால் கேட்கும் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஓடும் பாகத்துக்கு என்ன மாற்றினார் என்பது கடைக்கு உரியது, அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்த வித்தை முழுவதும் கடைக்கு உரியது இல்லை.

வெர்னியர் | ஏப்ரல் 29, இரவு 10:02

அப்படிக் கோடு போட முடியாது மாமா. அந்த 8 மைக்ரான் இன்றைய பாகமா, முப்பது வருஷ வித்தையா? இரண்டும்தான்.

பட்டறைக்காரன் | மே 11, இரவு 10:20

முதலாளியிடம் அலவன்ஸ் பேச்சை எடுத்தேன். "திட்டறதை நிறுத்தறதுக்குக் காசா?" என்றார். இன்னும் முடிவு இல்லை.

பலகை ஓடுகிறது. சிவப்புப் பலகை மற்ற செட்டர்களுக்கும் பிடித்துப்போய் எல்லோரும் கேட்கிறார்கள், அதில் ஒருவர் செட்டிங் இல்லாதபோதும் தொங்கவிட்டுத் தூங்குகிறார், அது தனிக் கதை.

மூன்றாவது விஷயம், அந்தக் குத்தல். அதற்குத் தனியாக உட்கார்ந்தேன், முதல் பேச்சு நடந்து ஒரு வாரம் விட்டு. நீங்கள் கோபக்காரர் என்றெல்லாம் ஆரம்பிக்கவில்லை. பையன் போனை எடுத்துவிட்டு வைத்ததை மட்டும் சொன்னேன். "அவன் அன்னிக்கு உங்களக் கூப்பிட்டிருந்தா அந்த லாட் தப்பிச்சிருக்கும். நீங்க வெச்ச அளவ அவன் கெடுக்கல, உங்ககிட்ட கேக்கறதுக்குப் பயந்துதான் கெட்டுப்போச்சு" என்றேன். இது அவரைத் தைத்தது. பையன் மேல் இரக்கமா என்று கேட்டால், இல்லை என்றுதான் நினைக்கிறேன். தன் கையால் வைத்த அளவு கெட்டதுதான் அவருக்கு வலி. எனக்கு அது போதும்.

நடைமுறையில் என்ன பேச வேண்டும் என்றும் பேசினோம். வேலை நடுவில் யாராவது வந்துவிட்டால் "போடா" என்பதற்குப் பதில், "இப்ப முடியாது. முடிச்சுட்டு வர்றேன். அதுவரைக்கும் மெஷின நிறுத்தி வை." நிறுத்துவதா ஓட்டுவதா என்று தெரியாமல்தான் பையன்கள் இரண்டாம் தடவை வந்து நிற்கிறார்கள், அதற்குத்தான் இரண்டாம் திட்டு விழுகிறது. கடைசி வாக்கியம் இருந்தால் பாதிச் சண்டை குறைகிறது.

இரண்டாம் ஷிப்ட் | மே 12, மதியம் 1:20

அந்தப் பையனிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாரா? எல்லோர் முன்னாலும்தானே சொன்னார்.

பட்டறைக்காரன் | மே 12, இரவு 9:30

கேட்கவில்லை. கேட்கச் சொல்லவும் இல்லை. கட்டாயப்படுத்தினால் ஒரு வார்த்தை சொல்வார், அதையும் குத்தலாகச் சொல்வார் என்று பயந்தேன். அந்த அண்டர்சைஸ் பீஸ்களை அவரே சாஃப்ட் ஜா புதிதாக போர் செய்து, ஸ்பிகாட் ரன்அவுட்டை டயலில் பார்த்துப் பார்த்துப் பிடித்து, பெரும்பாலானவற்றை மீட்டுவிட்டார். அப்போது பையனைப் பக்கத்தில் நிற்கவைத்து டயலைப் படிக்கச் சொன்னார். அவரிடமிருந்து வருவது அவ்வளவுதான்.

இரண்டாம் ஷிப்ட் | மே 12, இரவு 9:41

எனக்கு அது போதாது. பையனுக்குப் போதுமா என்று அவனிடம்தான் கேட்க வேண்டும், நீங்கள் முடிவு செய்யக்கூடாது.

குறியீட்டுக்காரி | மே 13, இரவு 12:05

இதில் நான் முன்பு சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். எங்கள் டேட்டாபேஸ்காரர் தகவல் கொடுக்க ஆரம்பித்ததும் எல்லாம் சரி என்று நினைத்தேன். போன மாதம் ஒரு பெண் டீம் மாற்றிக் கேட்டாள். ரிவ்யூ உதவியாகத்தான் இருக்கிறதாம், ஆனால் அவர் இருக்கும் மீட்டிங்கில் வாய் திறக்கவே முடியவில்லையாம். சத்தமில்லாமல் இருந்ததால் நான் பார்க்கவில்லை. இரண்டும் தனித்தனி என்று இரண்டாம் ஷிப்ட் சொன்னது சரி.

வான்வழி | மே 13, காலை 8:15

ஆபரேட்டர்களிடம் என்ன செய்தீர்கள்?

பட்டறைக்காரன் | மே 13, இரவு 10:50

ஒரே விதி. பலகையில் இருப்பதற்கு மாறாக ஆஃப்செட்டைத் தொட வேண்டுமென்றால் முதலில் மெஷினை நிறுத்து, அப்புறம் போன் போடு. அவர் எடுக்காவிட்டால் எனக்குப் போடு. நிறுத்தி வைத்த நேரத்துக்கு அவன் புரொடக்‌ஷன் கணக்கில் பிடித்தம் இல்லை. இது இல்லாவிட்டால் எவனும் நிறுத்த மாட்டான், இன்சென்டிவ் பீஸ் எண்ணிக்கையில்தானே இருக்கிறது. இதற்கு முதலாளி உடனே தலையாட்டினார், அலவன்ஸுக்குத்தான் ஆட்டவில்லை.

மைக்ரான் மாமா | ஜூன் 2, காலை 10:10

என்ன ஆச்சு? சத்தமே இல்லை. ஒன்று சொல்ல வந்தேன். சண்டை குறைந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து வெற்றி என்று எழுதிவிடாதீர்கள். பையன்கள் அவரிடம் போவதையே விட்டிருந்தாலும் சண்டை குறையும். சாக்பீஸ் கேள்விகளை எண்ணிப் பாருங்கள். கேள்வி கூடியிருக்க வேண்டும், அதுவும் பீஸ் கெடுவதற்கு முன்னால் வந்த கேள்வியாக இருக்க வேண்டும்.

பட்டறைக்காரன் | ஜூன் 8, இரவு 9:55

எண்ணிப் பார்த்தேன். கேள்வி கூடியிருக்கிறது. முதலில் "ண்ணா வாங்க" என்று மட்டும் எழுதினார்கள், இப்போது "போர் 40.009, இன்சர்ட் மாத்தவா ஆஃப்செட் ஏத்தவா" என்று வருகிறது. அவருக்கும் இப்படி எழுதினால்தான் பிடிக்கிறது, "ண்ணா வாங்க" என்று எழுதினால் அழித்துவிட்டுப் போய்விடுகிறார்.

நடுவில் ஒரு நாள் பழைய மாதிரி ஆனது. கஸ்டமர் லாரி வாசலில் நிற்கிறது, இரண்டு மெஷின் படுத்துவிட்டது, அன்றைக்கு ஒரு பையனை அதே டிப்ளமோ வசனம். நான் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை டீக்கு முன் தனியாக, நேற்று நீங்கள் சொன்னது இது, அதற்கப்புறம் அந்த மெஷினிலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை என்று பலகையைக் காட்டினேன். உம் என்றார். மத்தியானம் அவரே அந்த மெஷினுக்குப் போய் நின்றார். என்ன பேசினார்கள் என்று தெரியாது.

இப்போது புதுப் பிரச்சினை. முதலாளி இவரை ஷிப்ட் சூப்பர்வைசர் ஆக்கலாம் என்கிறார், அலவன்ஸுக்குப் பதிலாக.

முப்பது வருச செட்டர் | ஜூன் 8, இரவு 10:30

செய்யாதீர்கள். செட்டிங்கை விட்டு ஆளை மேய்க்கும் வேலை. ஒரு நல்ல செட்டர் போவார், ஒரு மோசமான சூப்பர்வைசர் வருவார். காசைக் கொடுங்கள்.

வெர்னியர் | ஜூன் 8, இரவு 10:44

நான் மாறுபடுகிறேன். டிப்ளமோக்காரர்கள் மேல் உள்ள காட்டமே, ஐடிஐ என்பதால் மேலே போக முடியவில்லை என்பதிலிருந்து வந்ததாக இருக்கலாம். பதவி வந்தால் அது தணியலாம். கேட்டாவது பாருங்கள்.

மைக்ரான் மாமா | ஜூன் 9, காலை 9:20

கேட்பதில் தப்பில்லை. ஆனால் அலவன்ஸுக்குப் பதிலாக என்று கேட்காதீர்கள். இரண்டையும் தனித்தனியாக வைத்துக் கேளுங்கள், எதை எடுக்கிறார் என்பதிலேயே உங்களுக்குப் பதில் இருக்கும்.

பட்டறைக்காரன் | ஜூன் 15, இரவு 10:15

கேட்டேன். சூப்பர்வைசர் வேண்டாம் என்றார், யோசிக்கவே இல்லை. அலவன்ஸும் கேட்கவில்லை. கியூசியில் இருப்பது மாதிரி ஷாப்பிலும் ஒரு சின்ன ஏசி ரூம் போட்டு, பீஸை ஊறவைத்து அளக்க இடம் கொடுங்கள், அப்புறம் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்காது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன். அலவன்ஸையும் விடவில்லை, ஜூலை இன்க்ரிமென்ட்டோடு சேர்த்துப் பார்க்கலாம் என்கிறார் முதலாளி.

வெர்னியர் | ஜூன் 15, இரவு 10:22

முறையைத் திருத்துங்கள் என்று ஏப்ரல் 10 காலை 7:20-க்கே சொன்னேன். பதிவு செய்துகொள்ளவும். ஏசி எத்தனை டன் போடுகிறீர்கள்?